பார்த்தது ஒரு நிலம், எழுதியது இன்னொரு நிலம்: தவறான புரிதலால் ஒப்பந்தம் எப்போது செல்லாததாகிறது?

கேள்வி: "மேலூர் பக்கம் தார்ச்சாலையோரத் தென்னந்தோப்பு 40 செண்டைப் பார்த்து, செண்ட் 75,000 ரூபாய் என்று பேசி, 5 லட்சம் முன்பணம் கொடுத்து, கிரய ஒப்பந்தத்தைப் பதிவும் செய்தேன். சர்வேயர் அளந்தபோது, ஒப்பந்தத்தில் எழுதிய 112/2பி சாலையை ஒட்டாத உள்துண்டு என்றும், நாங்கள் பார்த்த தோப்பு 112/2ஏ, அதன் பட்டா விற்பவருடைய பெரியப்பா மகன் பெயரில் உள்ளது என்றும் தெரிந்தது. விற்பவருக்கும் அதுவரை தெரியாது. இப்போது அவர், 'எழுதியதை எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் முன்பணம் கிடையாது' என்கிறார். இந்த ஒப்பந்தம் செல்லுமா ஐயா?"

வணக்கம். உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நீங்கள் இருவரும் எந்த நிலத்தைப் பற்றி ஒத்துக்கொண்டீர்கள் என்பது முதலாவது. அதற்கு விடை கிடைத்த பிறகுதான் அந்த ஒத்துக்கொள்ளல் சட்டத்தின் முன் நிற்குமா என்ற இரண்டாவது கேள்விக்குப் போக முடியும். பலர் இரண்டாவதிலிருந்து தொடங்குவதால்தான் நோட்டீஸிலேயே வழக்கு வழிதவறிவிடுகிறது. மதுரையிலும் மேலூரிலும் நில வழக்குகளைப் பல ஆண்டுகளாக நடத்தி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் சொன்னவை அப்படியே நிரூபிக்கப்பட்டால், உள்துண்டை அதே விலைக்கு உங்கள் தலையில் கட்டவும் முடியாது, முன்பணத்தை அவர் வைத்துக்கொள்ளவும் முடியாது. இதை உறுதியாகச் சொல்லலாம். ஆனால் அந்தப் பணம் எந்தச் சட்ட வழியில் உங்களிடம் திரும்ப வரும் என்பது உங்கள் பத்திரங்களைப் பொறுத்தது. அதில் சில இடங்கள் விவாதத்துக்கு உரியவை, அவற்றை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இந்த விஷயத்தை 13ஆம் பிரிவில் தொடங்குகிறது. இரண்டு பேர் ஒரே பொருளைப் பற்றி, ஒரே அர்த்தத்தில் ஒத்துக்கொண்டால்தான் அது சம்மதம் என்கிறது அந்தப் பிரிவு. அடுத்து முக்கியமானது 20ஆம் பிரிவு: ஒப்பந்தத்துக்கு இன்றியமையாத ஓர் உண்மை நிலை பற்றி இரு தரப்பாருமே தவறான எண்ணத்தில் இருந்தால் அந்த ஒப்பந்தம் செல்லாது. சட்டமே இதற்கு ஓர் உதாரணம் தருகிறது. ஒருவர் ஒரு குறிப்பிட்ட குதிரையை விற்க ஒத்துக்கொள்கிறார், மற்றவர் வாங்க ஒத்துக்கொள்கிறார். பேரம் முடிந்த நேரத்தில் குதிரை ஏற்கெனவே இறந்துவிட்டிருந்தது, இருவருக்கும் அது தெரியாது. அங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, யாரும் வாக்கு மீறவுமில்லை. பேரம் நிற்க வேண்டிய தரையே இல்லாமல் போய்விட்டது. ஆகவே 20ஆம் பிரிவைத் தொட விரும்புபவர் மூன்றைக் காட்ட வேண்டும்: தவறு இரு பக்கமும் இருந்தது, அது ஓர் உண்மை நிலை பற்றியது, அந்த உண்மை நிலை இல்லாவிட்டால் இந்தப் பேரமே இல்லை. தவறு ஒரு பக்கம் மட்டும்தான் என்றால் 22ஆம் பிரிவு குறுக்கே வரும். ஒருவர் தவறாக எண்ணிவிட்டார் என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்று அது சொல்கிறது.

இனி முதல் கேள்வி. ஒப்பந்தத்தின் சொத்து விவரத்தில் சர்வே எண் மட்டும் இருக்காது, நான்கெல்லையும் இருக்கும். உங்கள் ஒப்பந்தத்தை நான் பார்க்கவில்லை. அதை எடுத்து, நான்கெல்லையில் ஏதேனும் ஒரு திசையில் 'தார்ச்சாலைக்கு' என்று எழுதியிருக்கிறதா, தென்னை மரங்களோ கிணறோ மோட்டாரோ விவரத்தில் சொல்லப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால், அந்தப் பத்திரத்துக்குள்ளேயே இரண்டு நிலங்கள் பேசப்படுகின்றன என்று பொருள்: எண் உள்துண்டைச் சொல்கிறது, எல்லை சாலையோரத் தோப்பைச் சொல்கிறது. இப்படி எண்ணும் எல்லையும் முரண்படும்போது, தரையில் காணக்கூடிய தெளிவான எல்லைகளுக்கே நீதிமன்றங்கள் பொதுவாக அதிக மதிப்புக் கொடுக்கின்றன. இது மாறாத விதி அல்ல. எல்லைகளும் குழப்பமாக இருந்தால் எண்ணே மேலோங்கக்கூடும். ஆனாலும் நேரில் நடந்து பார்த்த இடமும், எழுதிய எல்லையும், பேசிய விலையும் ஒன்றையே சுட்டும்போது எண் மட்டும் தனித்து நின்றால், எண்தான் பிழை என்று கொள்ள நியாயம் அதிகம்.

எண் பிழை என்று ஆனால் ஒப்பந்தம் செல்லாது என்று உடனே முடிவுகட்டக் கூடாது. இருவர் மனத்திலும் ஒரே நிலம் இருந்து, எழுதும்போது மட்டும் தவறியிருந்தால், ஒப்பந்தம் உயிரோடுதான் இருக்கிறது. திருத்த வேண்டியது தாளை மட்டுமே. 1963ஆம் ஆண்டின் குறித்தவகைப் பரிகாரச் சட்டத்தின் 26ஆம் பிரிவு அதற்காகவே இருக்கிறது. இரு தரப்பாரின் பொதுவான தவறால் ஓர் ஆவணம் அவர்களுடைய உண்மையான எண்ணத்தை வெளிப்படுத்தாமல் போயிருந்தால், இடையில் நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து உரிமை பெற்ற மூன்றாவது நபர் பாதிக்கப்படாத வரையில், நீதிமன்றம் அதைத் திருத்தலாம். இருவரும் இணக்கமாக இருந்தால் நீதிமன்றம்கூட வேண்டாம், பத்திர எழுத்தரிடம் பிழைத்திருத்தல் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் போதும். இரண்டு துண்டும் விற்பவருடையதாக இருந்திருந்தால் உங்கள் சிக்கலும் அங்கேயே முடிந்திருக்கும். சாலையோரத் துண்டு அவருடையது அல்ல என்று தோன்றுவதால்தான் 20ஆம் பிரிவு வரை போக வேண்டியிருக்கிறது.

'தோன்றுவதால்' என்று வேண்டுமென்றே எழுதினேன். சர்வேயர் காட்டியது பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான். பட்டா என்பது வருவாய்ப் பதிவு; அதுவே உரிமைக்கு முடிவான சான்று ஆகாது. நம் பகுதியில் 1980களில் நடந்த யூ.டி.ஆர். நில உடைமைப் பதிவேடு மேம்பாட்டின்போது உட்பிரிவுகள் இடம்மாறிப் பதிவானதும், அண்ணன் துண்டு தம்பி பெயரிலும் தம்பி துண்டு அண்ணன் பெயரிலும் ஏறியதும் உண்டு. தாத்தா காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் பழைய எண்ணையும் எல்லைகளையும் சொல்லும். பங்காளிகள் கிணற்று வசதிக்காகவும் வண்டிப் பாதைக்காகவும் வாய்மொழியாக மாற்றிக்கொண்டு அனுபவிப்பார்கள். பட்டா மூன்றாவது ஒரு கதையைச் சொல்லும். ஆகவே முதலில் விற்பவரிடம் மூலப்பத்திரத்தையும் பாகப்பிரிவினைப் பத்திரத்தையும் கேட்டு வாங்குங்கள். வருவாய்த் துறையில் அ-பதிவேட்டின் நகலையும் புலப்படத்தையும் எடுங்கள். பாகப்பிரிவினையில் சாலையோரம் இவருடைய தந்தைக்கே ஒதுக்கப்பட்டிருந்தால் தவறு உங்கள் பேரத்தில் இல்லை, பதிவேட்டில் இருக்கிறது. அப்படியானால் ஒப்பந்தம் செல்லும். விற்பவர் வருவாய் அதிகாரிகளிடம் பட்டாவைத் திருத்திக்கொண்டு வந்து, உங்களுக்குத் தோப்பையே கிரயம் செய்து தர வேண்டியவர் ஆவார். பெரியப்பா மகன் மறுத்தால் அது உரிமை வழக்காக நீளும். அதற்காகக் காத்திருக்கலாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூலப்பத்திரத்தின்படியும் தோப்பு பெரியப்பா மகனுடையதுதான் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன். இப்போது 20ஆம் பிரிவின் முதல் தேவை, விற்பவரும் உண்மையாகவே தவறாக நம்பினார் என்பது. இன்றைக்கு அவர் 'எனக்கும் தெரியாது' என்று சொல்கிறார். நாளை வழக்கு என்று வந்தால், 'நான் உள்துண்டைத்தான் விற்றேன், தோப்பைக் காட்டவே இல்லை, அவர் தானாக எண்ணிக்கொண்டார்' என்று எதிருரை தாக்கல் செய்யக்கூடும். அப்படிச் சொன்னால் உங்களை 22ஆம் பிரிவின் ஒருபக்கத் தவறுக்குள் தள்ளிவிடலாம் என்பதே அதன் நோக்கம். அதை முறியடிப்பவை சிறு சிறு சான்றுகள்தான்: தோப்பில் நின்று எடுத்த படங்கள், தரகர் அனுப்பிய இருப்பிடக் குறிப்பு, கைபேசிச் செய்திகள், உடன் வந்தவர்களின் சாட்சியம், தேங்காய் குத்தகைக்கு விட்டு இதுவரை பணம் வாங்கியது யார் என்ற விவரம். தோப்பின் விளைச்சலை இத்தனை காலமும் விற்பவரே எடுத்து வந்திருந்தால், அவரும் அதைத் தன்னுடையது என்று நம்பினார் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. மாறாக, மோட்டாரின் மின் இணைப்பும் குத்தகையும் பெரியப்பா மகன் பெயரில் இருந்து, அவர்தான் அங்கே தண்ணீர் பாய்ச்சுகிறார் என்றால், விற்பவருக்கு உண்மை தெரிந்தே இருந்தது என்ற சந்தேகம் எழும். அது 17ஆம் பிரிவின் மோசடி. வழக்கின் நிறமே வேறாகிவிடும். அதை உறுதியான சான்று இல்லாமல் நோட்டீஸில் எழுதிவிடக் கூடாது.

அடுத்த தேவை, தவறு பேரத்தின் உயிர்நிலையைத் தொட வேண்டும் என்பது. 40 செண்ட் என்று எழுதி, அளந்தால் 39 செண்ட் இருந்தது என்றால் ஒப்பந்தம் செல்லாததாகாது. குறையும் பகுதி சிறியது, பணத்தால் ஈடுகட்டக்கூடியது என்றால், அதற்குரிய தொகையைக் கழித்துக்கொண்டு மீதியை நிறைவேற்றச் செய்ய, குறித்தவகைப் பரிகாரச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் வழி இருக்கிறது. விலையைத் தவறாக எடைபோட்டதும் இதில் சேராது. தோப்பூரில் எய்ம்ஸ் வருகிறது, சுற்றுவட்டாரத்தில் விலை இரட்டிப்பாகும் என்று இருவரும் நம்பிப் பேசி, பிறகு விலை ஏறவில்லை என்றால், அது மதிப்பைப் பற்றிய கணிப்பு. மதிப்பு பற்றிய தவறான கருத்தை உண்மை நிலை பற்றிய தவறாகக் கொள்ளக் கூடாது என்று 20ஆம் பிரிவின் விளக்கமே சொல்லிவிடுகிறது. இந்தியாவில் நடப்பிலுள்ள சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதாகச் சொல்வதும் 21ஆம் பிரிவின்படி உதவாது. அங்கீகாரம் பெறாத மனையைப் பத்திரப் பதிவு செய்வதில் தடையில்லை என்று இருவரும் எண்ணியிருந்தோம் என்று கிளம்பி வருபவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

உங்கள் விவகாரம் விலைக் கணிப்பு அல்ல. செண்ட் 75,000 வீதம் 40 செண்டுக்கு 30 லட்சம் என்பது சாலை முகப்புள்ள, காய்க்கிற தோப்புக்குப் பேசிய தொகை. பாதையில்லாத உள்துண்டு அதே பொருளின் குறைந்த தரம் என்று சொல்ல முடியாது. அது வேறு பொருள். இந்த வேறுபாட்டை நீதிமன்றத்தில் பேச்சால் நிறுவ முயலாமல், அதே கிராமத்தில் அண்மையில் பதிவான சாலையோரக் கிரயங்கள் சிலவற்றையும் உள்துண்டுக் கிரயங்கள் சிலவற்றையும் சான்றிட்ட நகல்களாக எடுத்துத் தாக்கல் செய்யுங்கள். வழிகாட்டி மதிப்பை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு உட்பிரிவுக்கும் அது ஒன்றாகவே இருந்துவிட்டால், எதிர்த்தரப்பு அதையே உங்களுக்கு எதிராகக் காட்டும்.

விற்பவர் தன் மனத்தில் உள்துண்டையும், நீங்கள் உங்கள் மனத்தில் தோப்பையும் வைத்திருந்தீர்கள் என்று நீதிமன்றம் கண்டால் என்ன ஆகும்? அப்போது நீங்கள் இருவரும் ஒரே தவறைப் பகிர்ந்துகொள்ளவில்லை, ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொண்டீர்கள். இதற்குப் பழைய ஆங்கில வழக்கு ஒன்று உண்டு. 1864இல் தீர்ந்த அந்த வழக்கில், பம்பாயிலிருந்து 'பியர்லெஸ்' என்ற கப்பலில் வரும் சூரத் பருத்தியை வாங்கப் பேசினார்கள். அதே பெயரில் இரண்டு கப்பல்கள் இருந்தன, ஒன்று அக்டோபரிலும் மற்றது டிசம்பரிலும் புறப்படுவது. ஒருவர் எண்ணியது ஒன்றை, மற்றவர் எண்ணியது மற்றதை. வாங்கியவரைப் பணம் கொடுக்கச் சொல்ல முடியவில்லை. நம் நாட்டில் இதற்கு நெருக்கமானது, 1998இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த, பஞ்சாப் நிலம் பற்றிய தர்செம் சிங் எதிர் சுக்மிந்தர் சிங் வழக்கு. விற்பவர் கனால் என்ற அளவிலும், வாங்குபவர் பிகா என்ற அளவிலும் பரப்பையும் விலையையும் கணக்கிட்டிருந்தார்கள். நிலம் விலை இரண்டிலுமே இருவருக்கும் தவறான புரிதல் இருந்ததால் அந்த ஒப்பந்தம் 20ஆம் பிரிவின்படி செல்லாது என்றும், வாங்கிய முன்பணத்தை விற்பவர் திருப்பித் தர வேண்டும் என்றும் முடிவாயிற்று. உங்கள் வழக்கறிஞர் முதலில் எடுத்து வைக்க வேண்டிய தீர்ப்பு இதுதான். இன்னொன்றையும் கவனியுங்கள்: நீங்கள் இருவரும் ஒரே தவறைச் செய்திருந்தாலும், ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தாலும், 'எழுதியதை எடுத்துக்கொள்' என்ற விற்பவரின் வாதம் எடுபடுவதில்லை. எழுத்து மட்டுமே பேரத்தைச் சொல்கிறது, தோப்பு பற்றிய பேச்சே நடக்கவில்லை என்று அவர் நிரூபித்தால்தான் அது எடுபடும்.

இப்போது விவாதத்துக்கு உரிய இடத்துக்கு வருகிறேன். உங்கள் நிகழ்வு உண்மையில் 20ஆம் பிரிவுக்குள் வருமா, அல்லது விற்பவர் தன் கடமையிலிருந்து தவறியதாகுமா என்பதில் இரு கருத்துக்கு இடமிருக்கிறது. நிலத்தை விற்க ஒத்துக்கொள்பவர், அதற்கு உரிமை காட்டும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறார். உரிமை இல்லை என்று தெரிந்தால், அவர் வாக்கை நிறைவேற்ற முடியாதவர் ஆகிறார். ஒப்பந்தம் செல்லும், மீறியவர் அவர், ஆகவே முன்பணத்தோடு இழப்பீடும் தர வேண்டும் என்று வாதிடலாம். மறுபக்கம், விற்பவருக்கு உரிமை உண்டு என்பதும், அந்த எண்ணுக்குரிய நிலம் இதுதான் என்பதும் இருவரும் சேர்ந்து நம்பிய அடிப்படை, அது இல்லாமல் போனதால் பேரமே இல்லை என்றும் வாதிடலாம். நிலத்தின் அடையாளத்திலேயே தவறு நேர்ந்திருப்பதால், வெறும் உரிமைக் குறைபாட்டைவிட உங்கள் நிகழ்வு 20ஆம் பிரிவுக்கு நெருக்கமானது என்பது என் கருத்து. இது கருத்துதான், தீர்ந்துபோன விதி அல்ல. மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. ஒருவர் எவ்வளவு கள்ளமில்லாமல் நடந்துகொண்டாலும், ஒப்பந்தப் பொருளின் தன்மை பற்றி மற்றவரைத் தவறாக எண்ணச் செய்துவிட்டால், அது 18ஆம் பிரிவின்படி தவறான எடுத்துரைப்பு ஆகும். 19ஆம் பிரிவின்படி நீங்கள் விரும்பினால் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம்.

இந்த மூன்று வழிகளுக்கும் இடையில் நடைமுறையில் பெரிய வேறுபாடு இருக்கிறது. தவறான எடுத்துரைப்பு என்று போனால், 'சாதாரண அக்கறை எடுத்திருந்தால் உண்மையை நீங்களே கண்டுபிடித்திருக்கலாமே, ஒப்பந்தத்துக்கு முன்பே சர்வேயரைக் கூப்பிட்டிருக்கலாமே' என்று விற்பவர் கேட்பார். 19ஆம் பிரிவின் விதிவிலக்கு அந்தக் கேள்விக்கு இடம் கொடுக்கிறது. 20ஆம் பிரிவின் சொற்களில் அப்படி ஒரு தடை இல்லை. ஒப்பந்த மீறல் என்று போனால் இழப்பீடு கேட்கலாம், ஆனால் எவ்வளவு இழப்பு என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டும். 20ஆம் பிரிவின் வழியில் யார் மேலும் பழி சுமத்த வேண்டாம், பணம் திரும்ப வரும், ஆனால் அதற்கு மேல் பெரிதாக எதுவும் வராது. செல்லாத ஒப்பந்தத்தின் கீழ் ஒருவர் பெற்ற பயனைத் திருப்பித் தர வேண்டும் என்று 65ஆம் பிரிவு சொல்கிறது. அவர் பெற்றது 5 லட்சம், அது வர வேண்டும். நீங்கள் சர்வேயருக்குக் கொடுத்தது, பத்திர எழுத்தருக்குக் கொடுத்தது, வங்கிக் கடனுக்காகச் செலவழித்தது ஆகியவை அவருக்குப் போன பயன் அல்ல, ஆகவே அந்தப் பிரிவின் கீழ் அவற்றைக் கேட்பது கடினம். இதே விதி உங்களையும் கட்டும்: இடையில் தோப்பின் சுவாதீனத்தை வாங்கித் தேங்காய் வெட்டி விற்றிருந்தால், அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும். ஒப்பந்தமே செல்லாது என்றால், 'வாங்காவிட்டால் முன்பணம் பறிமுதல்' என்ற அதன் நிபந்தனையும் அதோடு சேர்ந்து விழுகிறது. நிபந்தனை மட்டும் தனியே உயிர்வாழ முடியாது.

ஆகவே வழக்கு என்று வந்தால் ஒரே வாதத்தில் எல்லாவற்றையும் வைக்காமல், ஒப்பந்தம் 20ஆம் பிரிவின்படி செல்லாது என்று முதன்மையாகவும், அது செல்லும் என்று நீதிமன்றம் கருதினால் தவறான எடுத்துரைப்பும் ஒப்பந்த மீறலும் நடந்திருக்கின்றன என்று மாற்றாகவும் எழுதச் சொல்லுங்கள். ஒருவேளை நீங்கள் தோப்பையே கிரயம் செய்து தரச் சொல்லி வழக்குப் போட்டால், முன்பணத்தைத் திருப்பித் தரும் பரிகாரத்தையும் வழக்குரையிலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்காததை நீதிமன்றம் தானாகக் கொடுக்காது என்று குறித்தவகைப் பரிகாரச் சட்டத்தின் 22ஆம் பிரிவு சொல்கிறது. வழக்குரையைத் திருத்திச் சேர்த்துக்கொள்ள வழி உண்டு என்றாலும் முதலிலேயே எழுதிவிடுவது நல்லது.

'பதிவான பத்திரத்தில் எழுதியதற்கு மாறாக வாய்ச்சாட்சி எடுபடாது' என்று உங்களிடம் யாரேனும் சொல்லியிருக்கலாம். பொதுவிதி அதுதான். ஆனால் ஆவணத்தைச் செல்லாததாக்கக்கூடிய மோசடி, தவறு போன்றவற்றை நிரூபிக்க வாய்மொழிச் சாட்சியம் தரலாம் என்பது அந்த விதியின் முதல் விலக்கு. பழைய சாட்சியச் சட்டத்தின் 92ஆம் பிரிவில் இருந்த அந்த விலக்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியத்திலும் தொடர்கிறது. தோப்பில் உங்களோடு நடந்தவர்களின் பெயரையும் அன்று என்ன பேசப்பட்டது என்பதையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்வது அதனால்தான் பயன்படும்.

காலக்கெடுவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இத்தகைய வழக்குகளுக்குப் பொதுவாக மூன்று ஆண்டுகள். தவறால் நேர்ந்ததற்குப் பரிகாரம் கேட்கும்போது, தவறு தெரிந்த நாளிலிருந்து, அல்லது தக்க அக்கறையோடு தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்து காலம் தொடங்கும் என்று 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. சர்வேயர் அளந்த நாள்தான் தொடக்கம் என்று நீங்கள் சொல்லலாம், 'ஒப்பந்த நாளிலேயே தெரிந்திருக்க முடியும்' என்று அவர் சொல்லலாம். அந்தச் சண்டைக்கே இடம் கொடுக்காமல், ஒப்பந்தத் தேதியிலிருந்து மூன்று ஆண்டு என்று எண்ணிக்கொண்டு அதற்குள் வழக்கைத் தாக்கல் செய்துவிடுங்கள்.

உடனே செய்ய வேண்டியது, வழக்கறிஞர் மூலம் ஒரு நோட்டீஸ். அதில் நேரில் பார்த்த இடம், எழுதிய எல்லை, அளந்தபோது தெரிந்தது, பேசிய விலையின் அடிப்படை ஆகியவற்றைக் கோபமில்லாமல் வரிசையாகச் சொல்லி, 5 லட்சத்தைக் குறிப்பிட்ட நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும், தராவிட்டால் நோட்டீஸ் தேதியிலிருந்து வட்டி கோரப்படும் என்றும் எழுதச் சொல்லுங்கள். வட்டி பற்றிய அந்த ஒரு வரி விட்டுப்போனால், வழக்குக்கு முந்தைய காலத்து வட்டி கேட்பது கடினமாகிவிடும். உண்மை தெரிந்த பிறகு, உள்துண்டுக்கென்று மேலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். துணை ஒப்பந்தம், கால நீட்டிப்பு என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தெரிந்த பிறகும் தொடர்ந்தார் என்றால், தவறை ஏற்றுக்கொண்டு புதிதாக ஒத்துக்கொண்டார் என்று பேச இடம் கிடைக்கும்.

விற்பவரும் இக்கட்டில்தான் இருக்கிறார். ஒப்பந்தம் பதிவாகியிருப்பதால், 112/2பி எண்ணுக்கு யார் வில்லங்கச் சான்று போட்டாலும் உங்கள் ஒப்பந்தம் அதில் வரும். அது நீங்காமல் உள்துண்டை வேறொருவருக்கு விற்பது அவருக்கு எளிதல்ல. சட்டப்படி செல்லாத ஒப்பந்தம் என்றாலும் பதிவேட்டில் அது தானாக அழிவதில்லை, நீங்களும் சேர்ந்து ரத்து ஆவணம் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த ஒரு காரணத்தாலேயே இத்தகைய விவகாரங்களில் கணிசமானவை தீர்ப்பு வரை போகாமல் பேச்சில் முடிகின்றன. மதுரையில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மனுக் கொடுக்கலாம். அங்கே உடன்பாடு எழுதி மக்கள் நீதிமன்றத் தீர்வாக்கினால், அது நீதிமன்றத் தீர்ப்பாணை போலவே கட்டும், அதன்மேல் மேல்முறையீடும் இல்லை. எந்த வழியில் முடித்தாலும், முன்பணம் வரைவோலையாகவோ வங்கிக் கணக்கிலோ வந்து சேர்ந்த பிறகு, அதே நாளில் சார்பதிவாளர் முன் ரத்து ஆவணத்தில் கையெழுத்திடுங்கள். பணம் பின்னால் வரும் என்ற வாக்கை நம்பி முதலில் ரத்து செய்து கொடுத்தவர்கள், கையிலிருந்த ஒரே பிடியையும் விட்டுவிட்டுத்தான் என்னைப் போன்றவர்களிடம் வருகிறார்கள்.